முத்தா, மணியா? துளையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

கேள்வி: ஆன்லைனில் ஒரு பழைய முத்து மாலை பார்த்தேன். தூத்துக்குடி முத்து, பாட்டி காலத்தது என்கிறார் விற்பவர். வேறு ஊர், நேரில் போய்ப் பார்க்க முடியாது, படம் மட்டும்தான் அனுப்புவார். துளையையும் மேற்பரப்பையும் படத்தில் பார்த்து இது அசல் முத்தா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று கண்டுபிடிக்க முடியுமா? எந்த மாதிரிப் படம் கேட்க வேண்டும்?

பதில்:

பெரும்பாலும் முடியும். துளையின் வாய் தெளிவாகத் தெரிகிற நல்ல படங்கள் இரண்டு மூன்று கிடைத்தால் போதும், கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஒதுக்கிவிடலாம். இப்போது உங்களிடம் இருப்பவை, அதாவது மாலையை வெல்வெட் துணியில் விரித்து வைத்து எடுத்த படங்கள், கழுத்தில் போட்டு எடுத்த படங்கள், இவற்றில் எத்தனை பார்த்தாலும் ஒன்றும் புரியாது. நல்ல இமிடேஷன் மணி அந்தத் தூரத்தில் அசல் மாதிரியேதான் தெரியும், சில சமயம் அசலைவிட அழகாகவே தெரியும்.

துளையை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன் என்றால், வேலை நடக்கிற வரிசை இரண்டிலும் தலைகீழ். அசல் முத்தில் முதலில் முத்து உருவாகிறது, கடைசியில்தான் துளை போடுகிறார்கள். இமிடேஷனில் துளை முதலிலேயே இருக்கும். கண்ணாடி மணியை உருக்கிக் கம்பியில் சுற்றும்போதோ அச்சில் அழுத்தும்போதோ, பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போதோ துளையும் சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் அந்த மணியை ஊசியில் குத்தி நிறுத்தி, முத்துப் பளபளப்பு தருகிற குழம்பில் முக்கி எடுத்துக் காயவைத்து, திரும்பவும் முக்குவார்கள். மீன் செதிலிலிருந்து எடுக்கும் மினுமினுப்புப் பொருளை வைத்து இதைச் செய்யும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு பிரான்சிலிருந்தே இருக்கிறது (அந்தக் காலத்தில் உள்ளீடற்ற கண்ணாடி மணியின் உட்பக்கம் அதைப் பூசி, மிச்ச இடத்தில் மெழுகை நிரப்பினார்கள்). இன்றைக்கு மைக்கா வகைப் பொடிகளும் செயற்கைப் பிசினும் சேர்கின்றன. ஆனால் வரிசை மாறவில்லை: துளை முதலில், பூச்சு பிறகு.

இனி நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடையாளங்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதலில் துளையின் விளிம்பைப் பாருங்கள். அசல் முத்தைத் துளைப்பவர் மெல்லிய துளையூசியை ஒரு பக்கமிருந்து பாதி வரை இறக்கி, முத்தைத் திருப்பி மறுபக்கமிருந்து வந்து நடுவில் சேர்ப்பார். ஒரே பக்கமிருந்து முழுக்கத் துளைத்தால் ஊசி வெளியேறுகிற இடத்தில் சில்லு பெயர்ந்துவிடும் என்பதால் இப்படி. அதனால் இரண்டு வாயிலும் விளிம்பு நறுக்கென்று, கூர்மையாக இருக்கும். முத்தின் வளைவு நேராக வந்து சட்டென்று துளைக்குள் இறங்கும், நடுவில் உருண்ட ஓரமோ சரிவோ இருக்காது. துளையின் உட்சுவர் பளபளக்காது, சுண்ணாம்பு மாதிரி மங்கலான வெள்ளையாக இருக்கும். துளையிட்டதும் அறுபட்ட பொருளே தெரிகிறது, அதன் மேல் எதுவும் பூசப்படவில்லை, காரணம் அவ்வளவுதான்.

இமிடேஷன் மணியில் குழம்பு துளைக்குள்ளும் இறங்கியிருக்கும். விளிம்பு உருண்டு வழவழப்பாக இருக்கும், மணியின் பளபளப்பு துளைக்குள்ளே கொஞ்ச தூரம் வரை தொடரும். பல இடங்களில் குழம்பு துளை வாயில் தேங்கிக் காய்ந்து சின்ன வரப்பு மாதிரித் தடித்து நிற்கும். இன்னொன்று, காய்ந்த பிறகு ஊசியிலிருந்து மணியை உருவும்போது பூச்சு கிழிபடும். அப்போது துளையைச் சுற்றி ஒழுங்கில்லாத ஒரு கிழிந்த ஓரம் விழும், அதில் ஒரு பக்கம் மட்டும் பூச்சு தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. படத்தில் இதைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இல்லை.

துளையின் அளவும் கொஞ்சம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மாலைக்குக் கோக்கிற முத்தில் துளை பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மி.மீ. வரைதான் இருக்கும். முத்து எடைக்கு விலை போகிற பொருள், தேவைக்கு மேல் துளைத்துப் பொடியாக்க யாருக்கும் மனம் வராது. பழைய இயற்கை முத்துகளில் துளை இன்னும் சிறிதாகவே இருக்கும். இமிடேஷனில் 1 மி.மீ.க்கு மேல் தாராளமாக இருப்பது சகஜம். ஆனால் தோல் கயிற்றில் கோப்பதற்கென்றே 2 மி.மீ.க்கு மேல் துளையிட்ட அசல் நன்னீர் முத்துகளும் கடையில் கிடைக்கின்றன, அதேபோல் சின்னத் துளையுள்ள நல்ல கண்ணாடி மணிகளும் உண்டு. பெரிய துளையைப் பார்த்தால் சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது.

அடுத்தது விளிம்பில் தெரிகிற அடுக்கு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இன்று சந்தையில் இருக்கிற அசல் முத்து ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துதான், சிப்பிக்குள் மனிதர் கைவைத்து உருவாக்கியது. அதில் இரண்டு வகை. ஜப்பானிய அகோயா, கறுப்பு தாஹிதி, பெரிய தென்கடல் முத்து இவற்றுக்குள் சிப்பி ஓட்டிலிருந்து உருட்டிய ஒரு வெள்ளை மணிதான் கருவாக இருக்கும், அதன் மேல் சிப்பி தன் முத்துப்படலத்தைப் படிய வைத்திருக்கும். அகோயாவில் அந்தப் படலம் நல்ல தரத்தில் 0.3 முதல் 0.5 மி.மீ. வரை, மட்டமானதில் அதற்கும் கீழே. சீன நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கரு கிடையாது, ஒரு துண்டு சிப்பித் தசையை வைத்தே வளர்ப்பதால் வெளியிலிருந்து நடு வரை முழுக்க முத்துப்படலம்தான்.

அப்படியானால் துளை வாயில் என்ன தெரியும்? நன்னீர் முத்தில் எந்த எல்லைக்கோடும் தெரியாது, ஒரே பொருள் உள்ளே வரை போகும், மிஞ்சிப்போனால் மெல்லிய வளையங்கள் தெரியலாம். கரு வைத்த முத்தில் வெளியே ஒரு படலம், அதன் அடியில் பழுப்பு அல்லது கருமையான ஒரு மெல்லிய கோடு, அதற்கு உள்ளே வெள்ளைக் கரு என்று மூன்றாகத் தெரியும். அந்தக் கருங்கோடு சிப்பி முதலில் சுரக்கிற புரதப் பொருள், எல்லா முத்திலும் தெளிவாகத் தெரியாது, ஆனால் தெரிந்தால் நல்ல சாட்சி. இதைப் பார்த்துவிட்டு 'ஐயோ, உள்ளே வேறு ஏதோ மணி இருக்கிறது, போலி' என்று நல்ல அகோயா மாலையை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே மணி இருப்பது தவறே இல்லை. மேலே இருப்பது எவ்வளவு தடிமன், அது என்ன பொருள் என்பதுதான் கேள்வி.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. ஷெல் பேர்ல் என்று ஒன்று விற்கிறார்கள். சிப்பி ஓட்டில் உருட்டிய அதே மாதிரி வெள்ளை மணி, ஆனால் சிப்பிக்குள் வைப்பதற்குப் பதில் குழம்பில் முக்கி எடுத்தது. உள்ளே உண்மையான சிப்பிப் பொருள், எடையும் குளிர்ச்சியும் அசல் மாதிரியே. கரு வைத்த முத்துக்கும் இதற்கும் துளையில் தெரியும் வித்தியாசம் அடுக்கின் தடிமன்தான். பூச்சு முத்துப்படலத்தைவிட மிக மெல்லியது, ஸ்கேலை வைத்து எடுத்த படத்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், கீழே ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

தடிமன் கணக்குப் போட முடியாத அளவுக்குப் படம் சுமாராக இருந்தால், விளிம்பு எப்படிச் சேதமாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய மாலை என்றால் எங்காவது ஒரு மணியிலாவது நூல் உரசி, மணியும் மணியும் இடித்து, துளை வாய் சேதமாகியிருக்கும். முத்துப்படலம் மிகமிக மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது, ஒவ்வொரு தகடும் அரை மைக்ரான் அளவு. அதனால் அது உடைந்தால் சில்லாகத்தான் பெயரும், உடைந்த இடத்தில் படிப்படியாக இறங்குகிற மங்கலான விளிம்பு இருக்கும். பூச்சு பிசின் கலந்தது, அது பாலாடை போலச் சுருங்கித் தோலாக உரியும், உரிந்த துண்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும், பிய்ந்த இடத்துக்கு அடியில் வழவழப்பான வேறு ஒரு மேற்பரப்பு தெரியும். அடியில் இருப்பது கண்ணாடி என்றால் சில்லு போன இடம் குழிந்த வளைவாக, ஈரமான மாதிரிப் பளபளக்கும். பிளாஸ்டிக் என்றால் சில்லே போயிருக்காது, நூல் அறுத்த மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். பழைய அசல் முத்திலும் நூல் உரசி வாய் கொஞ்சம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். ஆனால் அங்கே தேய்ந்த இடத்திலும் உள்ளேயும் ஒரே பொருள்தான் தெரியும், இல்லையென்றால் மேலே சொன்ன தடித்த படலம் தெரியும்.

சாயம் ஏற்றிய முத்தையும் துளைதான் காட்டிக்கொடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பளிச்சென்ற மயில் பச்சை, சாக்லேட் பழுப்பு, ஆழ்ந்த கறுப்பு நிற நன்னீர் முத்துகளில் சாயம் துளை வாயிலும் மேற்பரப்பின் சின்னக் குழிகளிலும் தேங்கி அங்கே மட்டும் நிறம் அடர்ந்திருக்கும், பக்கத்து நூலிலும் கறை ஏறியிருக்கும். அது அசல் முத்துதான், நிறம்தான் ஏற்றியது. உங்கள் மாலை கிரீம் நிறம் என்றால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது.

சரி, மேற்பரப்புக்கு வருவோம். அசல் முத்தின் மேல் அந்தத் தகடுகளின் ஓரங்கள் விரல்ரேகை மாதிரி வளைவு வளைவாக ஓடும். இதுதான் புத்தகங்களில் எல்லாம் சொல்லும் அடையாளம், ஆனால் போன் படத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள். நகைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் சில முத்துகளில் மட்டுமே இது தெரியும், நிச்சயமாகப் பார்க்க 40 மடங்கு அல்லது அதற்கு மேல் வேண்டும். இப்போது மலிவாகக் கிடைக்கிற யூஎஸ்பி மைக்ராஸ்கோப் விற்பவரிடம் இருந்து, அதில் எடுத்து அனுப்பினார் என்றால் அருமை, அந்த ரேகை தெரிந்தால் பேச்சே இல்லை. தெரியாவிட்டால் அது போலி என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சம் சரியில்லாமல் இருக்கலாம், நன்றாக மெருகேற்றிய முத்தாக இருக்கலாம்.

போன் படத்தில் தெரியக்கூடியது இன்னும் பெரிய அளவிலான விஷயங்கள். அசல் மாலையில் சின்னக் குழி, மெல்லிய சுருக்கம், ஒரு பக்கம் லேசான மேடு, சுற்றி ஓடும் ஒரு வளையக்கோடு என்று ஏதாவது இருக்கும், முக்கியமாக அது ஒவ்வொரு முத்திலும் வேறு மாதிரி இருக்கும். பத்து முத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் உருவமும் பளபளப்பும் நிறமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இமிடேஷனில் எல்லாம் ஒரே அச்சு. நெருங்கிப் போனால் மேற்பரப்பில் முட்டை ஓடு மாதிரி நுண்ணிய புள்ளி புள்ளியான சொரசொரப்பு தெரியும், பூச்சிலிருக்கும் மினுக்குத் துகள்கள் திட்டுத்திட்டாகத் தெரிவதும் உண்டு. பூச்சுக்குள் சிக்கிய ஒரு தூசியோ காற்றுக்குமிழோ தெரிந்தால் அது உறுதியான சாட்சி. பிளாஸ்டிக்கில் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மணியைச் சுற்றி ஓடும், பூச்சுக்கு அடியிலும் அது மேடாகத் தெரியும். அதையும் முத்தில் இயற்கையாக வரும் வளையக்கோட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அச்சுக்கோடு நேராக, எல்லா மணியிலும் அதே இடத்தில் வரும், முத்தின் வளையம் ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

என்னைக் கேட்டால், துளை ஒன்று சொல்லி மேற்பரப்பு வேறொன்று சொன்னால் துளையைத்தான் நம்ப வேண்டும். மேற்பரப்பை மெருகேற்றலாம், வேண்டுமென்றே மேடுபள்ளமாகவும் செய்யலாம். கோணல்மாணலான 'பரோக்' வடிவ இமிடேஷன் மணிகளே தனியாக வருகின்றன. துளை வாயை ஒவ்வொரு மணியிலும் உட்கார்ந்து சரிசெய்ய மலிவு மணி செய்கிறவருக்கு நேரமும் இல்லை, லாபமும் இல்லை.

இப்போது படத்தின் பிரச்சினை. இன்றைய போன்கள் எடுத்த படத்தை அப்படியே கொடுப்பதில்லை. மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும், அப்போது முட்டையோட்டுச் சொரசொரப்பும் போய்விடும், முத்தின் சுருக்கமும் போய்விடும், எல்லாமே மொழுமொழுவென்று ஒரே மாதிரித் தெரியும். அதைவிட மோசம், ஓரங்களைக் கூர்மையாக்குகிறேன் என்று வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எல்லா விளிம்பிலும் ஒரு கருங்கோட்டையும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கோட்டையும் போட்டுவிடும். துளை வாயில் அந்தக் கோடு விழுந்தால், மேலே நான் சொன்ன புரதக் கோடு மாதிரியே இருக்கும், பூச்சின் எல்லை மாதிரியும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதே படத்தில் நூலின் ஓரத்தையும் முத்தின் வெளிக்கோட்டையும் பாருங்கள். அங்கேயும் அதே அகலத்தில் அதே கோடு இருந்தால் அது போன் போட்டது, துளையில் மட்டும் இருந்தால் உண்மையானது.

போனை முத்தின் மேல் ஒட்டுகிற மாதிரி வைத்து எடுப்பார்கள், அப்போது போகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் தெளிவாக வரும், கேமராவில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பிளாஷ் வேண்டவே வேண்டாம், முத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டு விழுந்து மிச்சமெல்லாம் இருண்டுவிடும். ஜன்னல் பக்கத்தில் வைத்து ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் படும்படி எடுத்தால் விளிம்பின் வரப்பும் பள்ளமும் நிழல் விழுந்து தனியாகத் தெரியும். எடுத்ததை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

துளை எங்கே தெரியும் என்று விற்பவர் கேட்பார், ஏனென்றால் மாலையில் முத்துக்கு முத்து முடிச்சு போட்டிருந்தால் துளை மறைந்திருக்கும். கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று முத்துகளில் பெரும்பாலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். பழைய நூல் தளர்ந்திருக்கும் என்பதால் மாலையை ஒரு விரலில் இறுக்கமாக வளைத்தால் வெளிப்பக்கத்தில் முத்துகள் விலகித் துளை வாய் தெரியும். நூலை வெட்டச் சொல்லத் தேவையில்லை. முடிச்சு போட்டிருப்பதையே அசலுக்கு அத்தாட்சி என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை, நல்ல கண்ணாடி மணி மாலைகளையும் முடிச்சு போட்டுத்தான் கோக்கிறார்கள்.

உதாரணம் ஒன்று. தெரிந்தவர் ஒருவருக்கு இதே மாதிரி பழைய மாலை என்று வந்த படங்களைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். கிரீம் நிறம், 58 மணி, ஒவ்வொன்றும் 7 மி.மீ. முழு மாலைப் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடை பார்க்கலாம் என்று தராசில் வைத்து ஒரு படம் கேட்டோம், கொக்கியோடு 27 கிராம். 7 மி.மீ. உருண்டையின் கன அளவு சுமார் 0.18 கன செ.மீ.; முத்தின் அடர்த்தி சுமார் 2.7, அதனால் 58 முத்துகள் துளை போக 27 அல்லது 28 கிராம் வரும். சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5, 58 மணிகள் 25 கிராம் பக்கம் வரும். பிளாஸ்டிக் என்றால் 12 கிராம்கூடத் தாண்டாது. ஆக பிளாஸ்டிக் இல்லை என்று தெரிந்துவிட்டது, கண்ணாடியா முத்தா என்று தெரியவில்லை, ஏனென்றால் கொக்கியும் நூலும் எவ்வளவு எடை என்று நமக்குத் தெரியாது, ஓரிரு கிராம் வித்தியாசம் அதிலேயே போய்விடும்.

அப்புறம்தான் துளைப் படம் வந்தது, பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுத்தது. ஸ்கேலில் 1 மி.மீ. கோட்டுக்குக் கோடு 160 பிக்ஸல் இருந்தது. துளையின் குறுக்களவு 176 பிக்ஸல், அதாவது 1.1 மி.மீ., முத்துக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் அதை வைத்து எதுவும் சொல்லவில்லை. துளை வாயில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. அந்தப் பெயர்ந்த ஓரத்தில் மேலே இருந்த அடுக்கு 11 பிக்ஸல் தடிமன், அதாவது 0.07 மி.மீ. அகோயாவாக இருந்து 0.3 மி.மீ. படலம் இருந்திருந்தால் அங்கே 48 பிக்ஸல் அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்திருக்க வேண்டும், நன்னீர் முத்தாக இருந்தால் அடுக்கே தெரிந்திருக்கக்கூடாது. சரி, ஷெல் பேர்லா கண்ணாடியா? பெயர்ந்த இடத்தின் அடியில் பால் வெள்ளையாக, வழவழப்பாக, குழிந்த ஒரு சில்லு, அதில் ஜன்னல் வெளிச்சம் கூர்மையாகப் பிரதிபலித்தது. சிப்பி ஓடு அப்படி உடையாது, மங்கலாகத்தான் உடையும். துளையின் எதிர்ப்பக்கத்தில் பூச்சு உள்ளே வழிந்து உருண்டு நின்றது. பால் கண்ணாடி மணி, மேலே பூச்சு. இன்னொரு மணியின் படமும் கேட்டோம், அதிலும் அதே உருண்ட ஓரம்தான். ஒரே ஒரு மணியை வைத்து முடிவு செய்யாமல் இப்படி இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அறுந்த மாலையைத் திரும்பக் கோக்கும்போது தொலைந்த முத்துக்குப் பதிலாகக் கண்ணாடி மணி சேர்ப்பது நடக்கிற விஷயம்தான், குறிப்பாகக் கொக்கிப் பக்கம்.

படம் எங்கே கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அசல் முத்து என்று துளை சொன்ன பிறகு, அது கடலில் தானாக உருவான இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று படத்தை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. துளையில் கரு தெரிந்தால் வளர்ப்பு என்று சொல்லிவிடலாம், தெரியாவிட்டால் இயற்கை என்று சொல்ல முடியாது, கரு இல்லாத நன்னீர் வளர்ப்பு முத்தும் அப்படித்தான் இருக்கும். அதற்கு எக்ஸ்ரே எடுத்து உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும், ஜெய்ப்பூர், மும்பை ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் விற்பவர் சொல்கிற தூத்துக்குடிக் கதைக்கு இதுதான் முக்கியம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு தூத்துக்குடிப் பக்கம் 1961-ஓடு நின்றுபோனது. அங்கே கிடைத்த இயற்கை முத்துகளில் பெரும்பாலானவை சிறியவை. ஒரே அளவில், ஒரே நிறத்தில், நன்றாக உருண்ட பெரிய முத்துகளைச் சேர்த்து ஒரு முழு மாலை கோப்பதற்குப் பல வருடக் குளிப்புகளின் முத்துகளிலிருந்து பொறுக்க வேண்டும், அப்படிப்பட்ட மாலை ஆன்லைனில் மலிவு விலைக்கு வராது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது 1973-இல். அதற்கு முந்தைய 'பாட்டி காலத்து' மாலையில் கருவோடு முத்து இருந்தால் அது ஜப்பானிலிருந்து வந்த அகோயாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் நல்ல மாலைதான், விலையும் கதையும்தான் வேறு. பட்டியலில் போட்டிருக்கும் மணியின் அளவையும் கேட்கும் விலையையும் முதலில் பாருங்கள், 7 மி.மீ. உருண்டை மாலையை இயற்கை தூத்துக்குடி முத்து என்று சில ஆயிரத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னால், முத்தாகவே இருந்தாலும் அந்தக் கதை பொய்.

விற்பவருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: "கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முத்து, மாலையின் நடுவிலிருந்து இரண்டு முத்து, இவற்றின் துளை தெரியும்படி நெருக்கமாகப் படம் வேண்டும். பகலில் ஜன்னல் பக்கத்தில், பிளாஷ் இல்லாமல், பில்டர் இல்லாமல். பக்கத்தில் மி.மீ. ஸ்கேல் வைத்து எடுங்கள். பத்து முத்து வரிசையாகத் தெரிகிற ஒரு படமும், தராசில் வைத்து ஒரு படமும். எல்லாவற்றையும் டாக்குமெண்டாக அனுப்புங்கள்." இதில் கஷ்டமானது ஒன்றுமில்லை, ஐந்து நிமிட வேலை. துளைப் படம் மட்டும் வராமல், திரும்பத் திரும்ப வெல்வெட் துணிப் படமே வந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். படம் வந்ததும் இங்கே போடுங்கள், துளை வாயைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.